எட்டு மணி நேரக் கூத்து, ஒன்றே முக்கால் மணி நேர ரஃப் கட்: J K L, Q, அப்புறம் மார்க்கர்

கர்ணன் சாகிற இரவுக் கூத்தை எடுத்த வீடியோவின் ரஃப் கட், அதாவது முதல் வெட்டு வடிவம், ஒருவழியாக ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு வந்து நின்றுவிட்டது. சூடு ஆறுவதற்குள் எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், அடுத்த வருஷப் பாரதத்துக்கு எனக்கே தேவைப்படும்.

ஊர் ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. பத்து மணிக்கு மேளம் கட்டினால் விடிந்துதான் முடியும். ஒரு கேமரா முக்காலியில் களரி முழுவதும் தெரிகிற மாதிரி நிலையாக, இன்னொன்று என் கையில். சத்தத்துக்கு மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு கம்பி இழுத்து ரெக்கார்டரில் போட்டேன். 25 ஃபிரேம், வினாடிக்கு 50 மெகாபிட். கணக்குப் போட்டால் மணிக்கு 22.5 ஜிபி, முக்காலி கேமரா மட்டுமே 180 ஜிபி. கேமரா அரை மணிக்கு ஒரு முறை கோப்பைத் துண்டாக்கும் ரகம், அதனால் ஒரு இரவு பதினாறு துண்டாக வந்து விழுந்தது.

வெட்டியது பிரீமியர் ப்ரோவில், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில். அசல் கோப்பை வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டினால் படம் திக்கும், திக்கினால் J K L விசைகளால் ஓட்டிப் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ப்ராக்ஸி என்கிற கனம் குறைந்த நகல் போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று, வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் கம்பி வைத்த சாதா கீபோர்டு. லேப்டாப் கீபோர்டில் K-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டே L-ஐத் தட்டுவது எனக்குச் சரிவரவில்லை, விசை மேலோட்டமாக இருப்பதால் விரல் வழுக்குகிறது.

முதலில் விரல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. வலது கை J K L மேல். J பின்னால், K நிறுத்தம், L முன்னால். L-ஐ இரண்டாம் முறை தட்டினால் இரட்டை வேகம், இன்னும் தட்டினால் இன்னும் வேகம். K-ஐப் பிடித்தபடி L-ஐயும் பிடித்தால் மெதுவாக நகரும், K-ஐப் பிடித்து L-ஐ ஒரு தட்டு தட்டினால் ஒரே ஒரு ஃபிரேம். மார்க்கர் என்கிற அடையாளக் குறியை வைக்கிற M-க்கு அதே கையின் ஆள்காட்டி விரல் இறங்கி வரும். இடது கை வெட்டுவதற்கான Q, W மேல். மவுஸை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன், கிட்டே இருந்தால் கை தானாக அதைத் தேடிப் போகும்.

வேகமாக ஓட்டும்போது குரல் எலிக்குரலாக ஆகாமல் இருக்க, ஆடியோ செட்டிங்கில் Maintain pitch while shuttling என்பதை டிக் செய்துகொள்ள வேண்டும். இது இல்லாமல் கூத்தை இரட்டை வேகத்தில் கேட்டால் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து மண்டையைக் குடையும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சுக்கு இரட்டை வேகம் தாங்காது, நக்கல் எங்கே விழுகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அங்கே மட்டும் L தட்டிவிட்டு Shift+L-ஐச் சில தட்டு, வேகம் சின்னச் சின்னப் படியாக ஏறும். பாட்டு, அடவு, வேஷம் மாறுகிற இடைவெளி எல்லாவற்றையும் இரட்டை வேகத்திலோ அதற்கு மேலோ தள்ளிவிடலாம்.

முதல் சுற்றில் எதையும் வெட்டவில்லை, மார்க்கர் மட்டும். பதினாறு துண்டையும் டைம்லைனில் வரிசையாகப் போட்டு, L L என்று ஓட்டிக்கொண்டே, வேண்டிய இடம் வரும்போது M. ஓடுவது நிற்காது, மார்க்கர் விழுந்துவிடும். இதில் ஒரு விஷயம் கவனித்தேன். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் அரை வினாடி போய்விடும். இரட்டை வேகத்தில் ஓடும்போது அந்த அரை வினாடி டைம்லைனில் ஒரு வினாடியாக, அதாவது 25 ஃபிரேமாக ஆகும். ஆக மார்க்கர் எப்போதும் சம்பவத்துக்குப் பின்னால்தான் நிற்கும். அதைச் சரிசெய்ய நின்று நின்று திரும்பினால் வேகம் செத்துப்போகும். பின்னால் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், வெட்டும்போது மார்க்கருக்குப் போய் Shift-உடன் இடது அம்புக்குறியை ஐந்து தட்டு. ஒரு தட்டுக்கு ஐந்து ஃபிரேம், ஐந்து தட்டில் அந்த ஒரு வினாடி திரும்பி வந்துவிடும்.

இரண்டு ஓட்டமாகப் பிரித்ததும் உதவியது. முதல் ஓட்டத்தில் ஒரே வகை மார்க்கர், "இது வேண்டும்" என்பதற்கு மட்டும். பாட்டா, வசனமா, காமெடியா என்று அப்போதே பிரிக்க நினைத்தால் M-ஐ இரண்டு தடவை தட்டிப் பெட்டியைத் திறந்து எழுத வேண்டியிருக்கும், ஓட்டம் நின்றுவிடும். பெயர் வைப்பது இரண்டாவது ஓட்டத்தில். Shift+M தட்டினால் அடுத்த மார்க்கர், அங்கே M தட்டிப் பெட்டியைத் திறந்து பாட்டுக்கு P, வசனத்துக்கு V, கட்டியங்காரனுக்கு K, திரை பிடிக்கிற இடத்துக்கு T.

தமிழிலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன். தமிழ்99-க்கு மாற்றிப் பெயர் அடித்துவிட்டு, மாற்றியதை மறந்து டைம்லைனுக்கு வந்து L தட்டினால் ஒன்றும் நடக்காது. விசை அங்கே தமிழ் எழுத்தைத்தான் அனுப்புகிறது, மென்பொருளுக்கு அது L இல்லை. மென்பொருள் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடித் திறக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். Win-உடன் ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்குத் திரும்பினால் சரியாகிவிடும். ஆனால் மார்க்கருக்கு மார்க்கர் இதைச் செய்துகொண்டிருக்க முடியாது, அதனால்தான் ஒற்றை எழுத்து.

இதே போல இன்னொரு தொல்லை, மார்க்கர் பட்டியலைச் சொடுக்கிய பிறகு J K L டைம்லைனை ஓட்டாது. எந்தப் பலகத்தைச் சுற்றி நீலக் கோடு இருக்கிறதோ அதற்குத்தான் விசை போகும். Shift+3 தட்டினால் டைம்லைனுக்கு வந்துவிடலாம்.

சரி, வெட்டுவதற்கு வருகிறேன். இங்கேதான் முதல் முயற்சி முழுசாகக் கெட்டது.

படம் ஓடுகிற இடத்தைக் காட்டுகிற கோடுதான் பிளேஹெட். Q என்பது அதற்கு இடது பக்கம் இருக்கிற வெட்டிலிருந்து பிளேஹெட் வரை உள்ளதை எடுத்துவிட்டு, மிச்சத்தை இழுத்து ஒட்டிவிடும். W அதற்கு நேர் எதிர், பிளேஹெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை எடுத்துவிடும். இரண்டுமே இடைவெளி விடாது, அதுதான் ரிப்பிள். Q தட்டத் தட்ட மொத்தப் படமும் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே வரும். ஆனால் நான் வைத்த மார்க்கர்கள் டைம்லைன் மேலே உள்ள அளவுகோலில் இருந்தன, படத்தின் மேல் இல்லை. படம் நகர்ந்தது, மார்க்கர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. முதல் வெட்டில் மூன்று நிமிஷம் எடுத்தேன், அதற்குப் பிறகு இருந்த அத்தனை மார்க்கரும் மூன்று நிமிஷம் தள்ளிப்போய்விட்டன. K என்று போட்ட இடத்தில் கர்ணன் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்.

Markers மெனுவில் Ripple Sequence Markers என்று ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே டிக் செய்திருந்தால் மார்க்கரும் கூடவே நகர்ந்திருக்கும். தெரிந்துகொண்ட பிறகும் நான் அதை நம்பி உட்காரவில்லை, ஏனென்றால் இரண்டாவது கோளாறு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அது சத்தம். முக்காலிப் படம் ஒரு டிராக்கில், கைக்கேமரா அதற்கு மேல், ரெக்கார்டர் சத்தம் தனி டிராக்கில். அந்தக் கடைசி டிராக்கில் சிங்க் லாக் என்கிற சின்னப் பொத்தான் அணைந்திருந்தது. ரிப்பிள் செய்யும்போது எந்தெந்த டிராக் சேர்ந்து நகர வேண்டும் என்பதை அந்தப் பொத்தான்தான் முடிவு செய்கிறது. ஆக Q தட்டிய ஒவ்வொரு முறையும் படம் நகர்ந்தது, ரெக்கார்டர் சத்தம் நகரவில்லை. கேமராவின் சொந்தச் சத்தம் என்றால் படத்தோடு பிணைந்தே இருக்கும், விலகினால் எத்தனை ஃபிரேம் விலகியது என்று கிளிப் மேல் சிவப்பில் எண் காட்டும். ரெக்கார்டர் கோப்பு படத்தோடு பிணைக்கப்படாத தனி ஆள், அதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. தூரக்காட்சியில் வாய் அசைவும் அவ்வளவு தெரியாது.

கர்ணன் மனைவி பொன்னுருவி வருகிற பகுதியை மட்டும் போனில் அனுப்பியிருந்தேன், கூத்து வாத்தியார்தான் பார்த்த உடனே கண்டுபிடித்தார். "ஏம்பா, தாளம் உதைக்குதே. கால் முன்னால விழுது, சலங்கை பின்னால வருது."

அவருக்கு வாய் வேண்டாம், கால் போதும். நானும் இப்போது அப்படித்தான் சோதிக்கிறேன். கால் தரையில் விழுகிற ஃபிரேமில் K பிடித்து நிறுத்தி, கீழே சத்தத்தின் அலைவடிவத்தைப் பார்ப்பேன். காலும் கூர்முனையும் நேர்கோட்டில் இருந்தால் சரி. ஒரு ஃபிரேம் முன்னே பின்னே இருப்பது பரவாயில்லை. மூன்று நான்கு ஃபிரேம் விலகினால் தாளம் தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பாது.

அந்த டைம்லைனை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு வேறு விதமாகக் கட்டினேன், அதுதான் கடைசியில் வேலை செய்தது. ஒரு சீக்வென்ஸை, அதாவது ஒரு தனி டைம்லைனை, வெறும் கிடங்காக வைத்தேன். முக்காலி, கைக்கேமரா, ரெக்கார்டர் மூன்றையும் அதில் போட்டு ஒவ்வொரு அரைமணித் துண்டின் தொடக்கத்திலும் தாளச் சத்தத்தை வைத்துப் பொருத்தினேன். துண்டுக்குத் துண்டு பொருத்துவது எதற்கென்றால், கேமரா கடிகாரமும் ரெக்கார்டர் கடிகாரமும் துளியும் பிசகாமல் ஒன்றாக ஓடாது. அரை மணியில் அது தெரியாது, எட்டு மணி நேரம் ஒரே மூச்சாக விட்டால் தெரியும். கேமரா மைக்குகளை அங்கேயே ஊமையாக்கினேன். மார்க்கர் எல்லாம் இந்தக் கிடங்கின் அளவுகோலில்தான். இங்கே ஒரு வெட்டும் கிடையாது, அதனால் எந்த மார்க்கரும் நகராது.

பிறகு அந்தக் கிடங்கை முழுசாக எடுத்து இன்னொரு புதிய சீக்வென்ஸில் ஒரே கிளிப்பாகப் போட்டு, வலது சொடுக்கில் Multi-Camera-வை இயக்கினேன். இப்போது வெட்டுகிற டைம்லைனில் ஒரு படம், ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டும் பிணைந்தவை. உள்ளே வைத்த மார்க்கர்கள் இங்கே கிளிப்பின் மேலேயே தெரியும், கிளிப்பை எங்கே நகர்த்தினாலும் கூடவே வரும். ரிப்பிள் செய்து பிரிக்க இங்கே வேறு எதுவும் இல்லை. எந்த கேமரா என்பதைப் பிற்பாடு 1, 2 என்று எண்களைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம், ரஃப் கட்டில் அதைத் தொடவே இல்லை.

இனி வெட்டு நடந்த விதம். கர்ணன் திரைக்குள் நிற்பதிலிருந்து பொன்னுருவியோடு வாக்குவாதம் தொடங்குகிற வரை உள்ள பகுதியை எடுத்துக்கொள்கிறேன், அசலில் 22 நிமிஷம்.

ஷார்ட்கட் சொல்லித் தருகிறவர்கள் Q, W இரண்டையும் ஜோடியாகச் சொல்வார்கள். சின்னச் சின்ன கிளிப்புகள் என்றால் அது சரி. இங்கே கிளிப் எட்டு மணி நேரம். W தட்டினால் அடுத்த வெட்டு வரை எடுக்கும், அடுத்த வெட்டே கிடையாது என்பதால் விடியற்காலை வரை மொத்தமும் காணாமல் போகும். Ctrl+Z இருக்கிறது, ஆனாலும் ஒரு நொடி நெஞ்சு அடைக்கும். நீளப் படத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு வெட்டும் ஒரு Q-வும்தான். வேண்டிய பகுதி முடிகிற இடத்தில் வெட்டு. வேண்டாததை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போ. அடுத்த வேண்டிய பகுதி தொடங்கும் இடத்தில் Q. நடுவில் இருந்தது போய்விடும், பிளேஹெட் அந்த ஒட்டிலேயே வந்து நிற்கும், L தட்டினால் அங்கிருந்தே தொடரலாம்.

வெட்டுக்கான விசை Ctrl+K. இரண்டு விரல் வேலை, இடது கை Q-விலிருந்து இறங்கிப் போக வேண்டும். அதனால் விசை அமைப்பில் Add Edit-ஐ W-க்கு மாற்றி, பழைய W-ஐ Shift+W-க்குத் தள்ளிவிட்டேன். இப்போது W என்றால் வெட்டு, Q என்றால் நடுவில் உள்ளதை எடு. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் மிச்சம் பிடித்தது.

திரை பிடிக்கிற T மார்க்கருக்குப் போனேன். கொஞ்சம் பின்னால் வந்து, இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிற இடத்தில் K, பிறகு Q. அதற்கு முன்னால் இருந்த டீ குடிக்கிற நேரமும் மைக் சோதனையும் ஒரே தட்டில் போயிற்று. L. திரைக்குள்ளிருந்து விருத்தம் கேட்கிறது, கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே தெரிகிறது, இதில் கை வைக்கவில்லை. திரை விலகுகிறது. கர்ணன் களரியைச் சுற்றி ஆடுகிறார், ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு போதும். இரண்டாவது சுற்று முடிந்து மிருதங்கம் ஒரு தீர்மானம் வைக்கிற இடத்தில் K, W. L L என்று தள்ளி, நான்காவது சுற்றின் தீர்மானம் தாண்டி அவர் நின்று முதல் அடி எடுக்கிற இடத்தில் K, Q.

பாட்டில் ஒவ்வொரு அடியையும் வேஷக்காரர் பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள், அப்புறம் அடவு, மறுபடி அதே அடி. நேரில் பார்க்கும்போது அது சுகம், படத்தில் நீளம். திருப்பிப் பாடுவதை எடுக்க நினைத்தால் தாளத்தில் வெட்ட வேண்டும், இல்லையென்றால் காலம் நொண்டும். தாள முனை அலைவடிவத்தில் ஊசி மாதிரி நிற்கும், K பிடித்து L தட்டித் தட்டி அதற்கு இரண்டு ஃபிரேம் முன்னால் நிறுத்த வேண்டும். ஊசி மேலேயே வெட்டினால் தாளத்தின் முதல் ஒலி அறுபட்டு மொட்டையாகக் கேட்கும். வெளியேறுகிற பக்கமும் அதே மாதிரி, அடுத்த தாளத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் W. இரண்டு பக்கமும் ஒரே அளவு விட்டால் காலப் பிரமாணம் தானாக ஒட்டிக்கொள்ளும், ஆவர்த்தனத்தின் அதே தட்டில் வெளியேறி அதே தட்டில் நுழைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆர்மோனியம் இழுத்துக்கொண்டிருக்கிற இடத்தில் இது பலிக்காது, சுருதி துள்ளும். அந்த இடங்களை வெட்டாமல் விட்டுவிட்டேன். பாட்டுக்குள் வெட்டுவதை முதல் ஓட்டத்தில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய பெரிய கழிவெல்லாம் போன பிறகு, எங்கே இன்னும் நீளம் என்று பார்த்து அங்கே மட்டும் செய்தால் போதும்.

கட்டியங்காரன் வசனத்தில் வேறு சிக்கல். பேச்சு முடிந்த உடனே வெட்டத்தான் விரல் துடிக்கும். ஆனால் சிரிப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது, முன்வரிசைப் பிள்ளைகள் முதலில், பெரியவர்கள் ஒரு வினாடி கழித்து. முதல் ஓட்டத்தில் சிரிப்பை அறுத்துவிட்ட ஒட்டுகள் நிறைய இருந்தன. அதற்கு Q, W உதவாது, போனதைத் திரும்ப இழுக்க வேண்டும். ஒட்டின் மேல் நின்று Shift+T தட்டினால் டிரிம் நிலை வரும், அங்கே J K L அந்த ஒட்டையே நகர்த்தும், L ஓட்டிச் சிரிப்பு அடங்குகிற இடத்தில் K தட்டினால் வெட்டு அங்கே வந்து நின்றுவிடும். காதால் கேட்டே டிரிம் செய்கிற மாதிரி. எந்தப் பக்கம் தேர்வாகியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து சிவப்பாக இருந்தால் அது ரோல், ஒரு பக்கம் நீள்கிற அளவு மறுபக்கம் தின்னும். ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தால் ரிப்பிள். எனக்கு வேண்டியது மஞ்சள்.

அந்த 22 நிமிஷம் ஏழு நிமிஷத்துக்குப் பக்கமாக வந்தது.

முடிந்ததும் கிடங்கில் இருந்த மார்க்கர்களை File மெனுவில் Export, Markers வழியாகப் பட்டியலாக எடுத்து அச்சடித்து வாத்தியாருக்குக் கொடுத்தேன். எந்த நேரத்தில் எந்த வேஷம் என்று அவர் பேனாவால் திருத்தித் தந்தார். நான் P என்று போட்ட இரண்டு இடம் பாட்டே இல்லையாம், விருத்தம். அது தனி எழுத்தாக இருக்க வேண்டும் என்றார். இருக்கட்டும், அடுத்த தடவை R.

அடுத்த தடவை மாற்ற வேண்டியது இன்னும் ஒன்று. அரை மணிக்கு ஒரு முறை கேமரா துண்டாகும் நேரம் ஏறக்குறையத் தெரியும், அந்தச் சமயத்தில் யாரையாவது முக்காலி கேமராவுக்குத் தெரிகிற மாதிரி களரி மைக்குக்குப் பக்கத்தில் நின்று பளிச்சென்று ஒரு கை தட்டச் சொல்ல வேண்டும். பொருத்துகிற வேலை பாதியாகும். கூத்து நடுவில் அது முடியாது என்றால் வேஷம் மாறுகிற இடைவெளியில் தட்டினாலும் போதும், அந்தத் துண்டில் எங்கே இருந்தாலும் பொருத்திவிடலாம்.

மாற்றிய விசை அமைப்பு `.kys` என்று ஒரு சின்னக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அதைப் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். வேறு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பழக்கத்தில் W தட்டினால் அங்கே அது பழைய W, மிச்சப் படம் முழுக்கக் காலி. அதனால் எங்கே போனாலும் முதலில் அந்தக் கோப்பை ஏற்றிவிட்டுத்தான் டைம்லைனைத் திறக்கிறேன்.